'ரொம்ப நல்ல பொண்ணு': ரிப்போர்ட் கார்டுக்குப் பின்னால் மறையும் ஆட்டிசம்

இடைவேளை நேரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் மைதானத்தைத் தள்ளி நின்று பாருங்கள். பையன்களில் பெரும்பாலோர் ஏதாவது ஓர் ஆட்டத்தில் இருப்பார்கள். பந்து, ஓட்டம், இரண்டு கட்சி, கூச்சல். அந்தக் கூட்டத்துக்கு வெளியே, மதிலை ஒட்டித் தனியாக நடந்துகொண்டிருக்கும் பையன் ஒருவன் இருந்தால் சீக்கிரமே கண்ணில் பட்டுவிடுவான். சிறுமிகள் பக்கம் கதை வேறு. இரண்டு பேர் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். மூன்றாவதாக ஒருத்தி வந்து சேர்வாள். முதலில் இருந்தவள் எழுந்து வேறு கூட்டத்துக்குப் போவாள். இந்தப் போக்குவரத்துக்கு நடுவில் ஒரு சிறுமி எந்தப் பேச்சிலும் நிலையாகச் சேராமல், எல்லாக் கூட்டத்துக்கும் ஓரடி தள்ளி நின்றபடியே இருபது நிமிடத்தைக் கடத்திவிட முடியும். வராந்தாவில் நிற்கும் ஆசிரியைக்கு அவள் தோழிகளோடு இருப்பதாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் மிஷெல் டீன், ராபின் ஹார்வுட், கோனி கசாரி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைத்தான் பள்ளி மைதானங்களில் ஆட்களை நிறுத்திக் குறித்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள சிறுமிகள், ஆட்டிசம் உள்ள பையன்கள், ஆட்டிசம் இல்லாத சிறுமிகள், ஆட்டிசம் இல்லாத பையன்கள் என நான்கு பிரிவினர் இருந்தார்கள். ஆட்டிசம் உள்ள பையன்கள் பெரும்பாலும் தனித்தே இருந்தார்கள். மற்ற பையன்கள் ஆட்டத்தில் மூழ்கியிருந்ததால் அந்தத் தனிமை பளிச்சென்று தெரிந்தது. ஆட்டிசம் உள்ள சிறுமிகளோ மற்றவர்களுக்கு அருகிலேயே இருந்தார்கள். ஒரு கூட்டத்துக்குள் நுழைவதும் வெளியே வருவதும் மறுபடி நுழைவதுமாக இருந்தார்கள். உள்ளே இருந்த நேரம் மற்ற சிறுமிகளைவிடக் குறைவுதான். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒதுங்கி நிற்பதுதான் ஆட்டிசத்தின் அடையாளம் என்று வைத்துக்கொண்டால், பையன் பிடிபடுவான், சிறுமி நழுவிவிடுவாள்.

மைதானத்தில் நடக்கும் இந்த நழுவல்தான் வகுப்பறையிலும், மருத்துவர் அறையிலும், சில சமயம் வீட்டிலும் நடக்கிறது. அதனால்தான் பல பெண்களுக்குத் தங்களுக்கு ஆட்டிசம் என்பது பதினான்கு, இருபத்தைந்து, நாற்பது வயதில் தெரியவருகிறது.

முகமூடி என்றால் என்ன?

ஆட்டிசம் என்பது நோயல்ல. பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்ந்திருக்கும் நிலை. மற்றவர்களின் சொல்லாத எதிர்பார்ப்புகளைப் படிப்பது கடினமாக இருக்கும். ஒரே மாதிரியான ஒழுங்கு தேவைப்படும். சில விஷயங்களில் ஈடுபாடு அளவுக்கு மீறி ஆழமாக இருக்கும். ஒலி, ஒளி, தொடுதல், வாசனை ஆகியவை மற்றவர்களைவிட அதிகமாகவோ குறைவாகவோ தாக்கும். இதை முழுவதுமாகவோ பாதியாகவோ வெளியே தெரியாமல் மறைத்து, மற்றவர்களைப் போல நடந்துகொள்வதற்கு ஆங்கிலத்தில் 'மாஸ்கிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகமூடி போட்டுக்கொள்வது.

லாரா ஹல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டு 2017-இல் எழுதினார்கள். பிறகு அதை வைத்து 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளையும் தயாரித்தார்கள். முகமூடியில் மூன்று வேலைகள் இருப்பதாக அது பிரித்துக் காட்டுகிறது. முதலாவது, ஈடுகட்டுவது: இயல்பாக வராததை மனப்பாடம் செய்துகொள்வது. பேச வேண்டியதை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது, சீரியல் பாத்திரம் பேசுவதைப் போலப் பேசிப் பழகுவது. இரண்டாவது, மறைப்பது: கையை உதறத் தோன்றினால் அடக்குவது, முகத்தில் சரியான பாவனை இருக்கிறதா என்று இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருப்பது. மூன்றாவது, ஒட்டிக்கொள்வது: பிடிக்காவிட்டாலும் கூட்டத்தில் இருந்துவிடுவது, இருப்பதே நடிப்பாக இருப்பது.

எல்லோரும்தான் வெளியிடத்தில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்கிறோமே என்று தோன்றலாம். கல்யாண வீட்டில் பிடிக்காத மாமாவிடம் சிரித்துப் பேசுவதில்லையா? வித்தியாசம் உழைப்பின் அளவில் இருக்கிறது. நமக்கு அந்தச் சிரிப்பு தானாக வருகிறது, வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறது. அவளுக்கு ஒவ்வொரு வாக்கியமும் கணக்குப் போட்டு எடுக்கும் விடை. அதுவும் தினமும், காலை வேனில் ஏறியதிலிருந்து மாலை இறங்கும் வரை.

நிலாவின் கதை

இங்கே ஒரு சிறுமியை அறிமுகப்படுத்துகிறேன். நிலா என்பது கற்பனைப் பெயர். இந்தத் துறையில் எழுதப்பட்ட ஆய்வுகளில் மறுபடி மறுபடி வரும் அனுபவங்களை நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பொருத்தி ஒரே சிறுமியிடம் சேர்த்திருக்கிறேன்.

நிலாவுக்குப் பேச்சு சீக்கிரமே வந்துவிட்டது. இரண்டு வயதில் முழு வாக்கியம் பேசினாள். அதனால் குழந்தை மருத்துவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சட்டையின் கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிளை வெட்டினால்தான் போட்டுக்கொள்வாள். குக்கர் விசில் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். 'பிடிவாதக்காரி' என்று வீட்டில் சொன்னார்கள்.

மூன்றாம் வகுப்பில் அவள் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தாள். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பெண் எப்படிப் பேசுகிறாளோ, எப்படி நிற்கிறாளோ, எப்படி 'அய்யோ!' என்று சொல்லி வாயைப் பொத்திக்கொள்கிறாளோ, அப்படியே செய்தால் யாரும் தன்னை விநோதமாகப் பார்ப்பதில்லை. பென்சில் பாக்ஸும் அதே நிறத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். வேனில் உட்கார்ந்து, அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொள்வாள்: 'சாப்டியா? என்ன டிபன்? ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?' நான்காவது கேள்வி அவளிடம் கிடையாது. அதற்குள் மணி அடித்துவிட வேண்டும். முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்கிறார்கள் என்பதால் புருவ மத்தியைப் பார்ப்பாள். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மற்றவர்கள் சிரித்தபிறகு சிரிப்பாள், அரை நொடி தாமதமாக. பதற்றம் வந்தால் கையை உதறமாட்டாள். ஸ்கர்ட் பைக்குள் விரல்களை ஒன்றோடொன்று அழுத்திக்கொள்வாள்.

அவளுடைய ஈடுபாடும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. ஆட்டிசம் உள்ள பையன் என்றால் ரயில் நேரம், லிஃப்ட், ஃபேன் என்று பெரியவர்கள் விநோதமாகக் கருதும் விஷயங்களைச் சொல்வார்கள். நிலாவுக்குப் பூனையும் கதைப் புத்தகமும். ஆறாம் வகுப்பில் 'பொன்னியின் செல்வன்' கையில் கிடைத்தது. பாத்திரங்கள் அத்தனை பேருக்கும் வம்ச அட்டவணை போட்டு, யார் எந்த அத்தியாயத்தில் முதலில் வருகிறார்கள் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினாள். நான்கு முறை திரும்பப் படித்தாள். வீட்டில் வேறு எதையும் பேச மறுத்தாள். 'படிக்கிற பழக்கம் இருக்கு' என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஈடுபாட்டின் பொருள் மற்ற பிள்ளைகளுடையதைப் போலவே இருந்ததால், அதன் தீவிரத்தை யாரும் அளக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் ரிப்போர்ட் கார்டில் ஒரே மாதிரிக் குறிப்பு: நல்ல ஒழுக்கம், அமைதியான மாணவி, இன்னும் கொஞ்சம் வாய் திறந்து பேசலாம்.

வீட்டில் வெடிக்கும் மாலை

வேனிலிருந்து இறங்கி ஷூவைக்கூடக் கழற்றாமல் நிலா பையைத் தூக்கி எறிவாள். தோசையின் ஓரம் முறுகலாக இல்லை என்று தொடங்கும் அழுகை முக்கால் மணி நேரம் நீளும். தங்கச்சி பென்சிலைத் தொட்டுவிட்டால் அலறல். பிறகு போர்வைக்குள் புகுந்துகொண்டு யாரோடும் பேசமாட்டாள். அம்மா பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டார். "ஸ்கூல்ல ஏதாவது பிரச்சினையா மிஸ்? வீட்டுக்கு வந்தா தாங்க முடியல."

ஆசிரியைக்கு உண்மையாகவே ஆச்சரியம். "நம்ம நிலாவா? ரொம்ப நல்ல பொண்ணும்மா. இருக்கிற இடமே தெரியாது. வீட்ல கொஞ்சம் செல்லம் ஜாஸ்தியோ?"

இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்தது ஒரே குழந்தையின் ஒரே நாளை. எட்டு மணி நேரம் அழுத்திப் பிடித்திருந்த சோடா பாட்டில் மூடி, பாதுகாப்பான இடம் வந்ததும் தெறித்துவிடுகிறது. தெறிப்பதைப் பார்ப்பவர் அம்மா, அதனால் குற்றம் வீட்டின் மேல் விழுகிறது. பள்ளியில் பிரச்சினை இல்லாமல் வீட்டில் மட்டும் இருந்தால் வளர்ப்புதான் காரணம் என்பது நம் ஊரில் மட்டும் உள்ள எண்ணம் இல்லை. ஆஸ்திரேலியாவில் ரேச்சல் ஹில்லரும் சகாக்களும், ஆட்டிசம் உறுதியான சிறுமிகளையும் பையன்களையும் பற்றி ஆசிரியர்கள் தெரிவித்திருந்த கவலைகளை ஒப்பிட்டு 2014-இல் எழுதினார்கள். சிறுமிகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு இருந்த கவலை பையன்களுக்கு இருந்ததைவிட மிகக் குறைவு. ஆட்டிசம் இருந்தது. கவலை மட்டும் எழவில்லை.

பள்ளிக்கு ஏன் தெரிவதில்லை?

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியில் பணிபுரியும் 289 பேருக்குச் சில குழந்தைகளைப் பற்றிய சிறு குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு வகைக் குறிப்பில் ஆட்டிசம் பையன்களிடம் வழக்கமாகத் தெரியும் விதத்தில் இருந்தது. இன்னொரு வகையில் சிறுமிகளிடம் அதிகம் தெரியும் விதத்தில் இருந்தது. அதோடு, குறிப்பில் வரும் குழந்தைக்குச் சிலருக்குப் பையன் பெயரையும் சிலருக்குப் பெண் பெயரையும் வைத்துக் கொடுத்தார்கள். மற்றபடி ஓர் எழுத்தும் மாறவில்லை. இந்தக் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார்கள்.

2020-இல் வெளியான முடிவில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. சிறுமி வகைக் குறிப்பை ஆசிரியர்கள் ஆட்டிசம் என்று எளிதில் கண்டுகொள்ளவில்லை. பெயர் பெண் பெயராக இருந்தாலே, அதே குறிப்புக்கு மதிப்பெண் குறைந்தது. அதாவது நிலாவுக்கு முன்னால் இரண்டு கதவுகள் மூடியிருக்கின்றன. அவளிடம் ஆட்டிசம் வேறு உருவத்தில் இருக்கிறது என்பது ஒன்று. வழக்கமான உருவத்திலேயே இருந்தாலும் 'பெண் குழந்தைக்கு அது வராது' என்ற எண்ணம் இன்னொன்று.

மூன்றாவது கதவு பள்ளியின் வேலை முறையிலேயே இருக்கிறது. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியரின் கவனம் இரண்டு இடத்துக்குப் போகும்: மதிப்பெண் குறைகிற இடம், பாடம் கெடுகிற இடம். நிலா இரண்டிலும் இல்லை. அவளுடைய முகமூடியின் விளைவே நல்ல மதிப்பெண்ணும் தொந்தரவு இல்லாத நடத்தையும்தான். பள்ளி எதைப் பாராட்டுகிறதோ, அதைத்தான் அவள் தயாரித்துக் கொடுக்கிறாள். 'அடக்கமான பொண்ணு' என்பது நம்மிடையே ஒரு குணச் சான்றிதழ். பேசாமல், எதிர்த்துக் கேட்காமல், சொன்னதை அப்படியே செய்யும் பையனைப் பார்த்தால் 'ஏன் இப்படி இருக்கான்?' என்று கேட்போம். அதே பெண்ணைப் பார்த்தால் கேள்வியே வராது.

பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து 2012-இல் வந்த முடிவும் இதோடு பொருந்துகிறது. ஆட்டிசக் குணங்கள் சம அளவில் இருந்தாலும், ஆட்டிசம் என்று முடிவு சொல்லப்பட்ட சிறுமிகளிடம் கூடவே அறிவுத்திறன் குறைவோ நடத்தைச் சிக்கலோ அதிகமாக இருந்தது. பையன்களுக்கு அந்தக் கூடுதல் 'தகுதி' அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஒரு சிறுமி கண்ணில் படுவதற்கு அவளுக்கு வேறு ஏதாவதொரு பெரிய சிரமமும் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது.

பையன்களை வைத்து எழுதிய இலக்கணம்

ஆட்டிசத்தின் வரையறையே எப்படி உருவானது என்று பார்த்தால் இது வியப்பாக இருக்காது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் 8 பேர் பையன்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக விவரித்த நால்வருமே பையன்கள். இவர்கள் இருவருக்கும் முன்பே, 1920-களில் மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஏறக்குறைய இதே நிலையை விவரித்திருந்தார். முதலில் ஆறு பையன்களைப் பற்றி எழுதினார். 1927-இல் ஐந்து சிறுமிகளைப் பற்றித் தனியாக எழுதினார். அந்த இரண்டாவது கட்டுரையை மேற்குலகம் பல பத்தாண்டுகள் படிக்கவே இல்லை.

1981-இல் லோர்னா விங் ஒரு கணக்கைக் காட்டினார். அறிவுத்திறன் மிகக் குறைந்த குழந்தைகளில் ஆட்டிசம் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற விகிதத்தில் இருந்தது. அறிவுத்திறன் நன்றாக இருந்தவர்களிடம் அது ஒன்றுக்குப் பதினைந்து என்று தாவியது. நன்றாகப் பேசும், படிக்கும் சிறுமிகள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அன்றே தொங்கிக்கொண்டிருந்தது. 2017-இல் 54 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது மொத்தத்தில் ஒன்றுக்கு நான்கு என்று வந்தது. ஏற்கெனவே மருத்துவரிடம் போனவர்களை மட்டும் எண்ணாமல், ஊருக்குள் போய்த் தேடி எண்ணிய ஆய்வுகளில் அது ஒன்றுக்கு மூன்று என்று இறங்கியது. தேடினால் சிறுமிகள் கிடைக்கிறார்கள்.

ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளிலும் இந்தச் சுழற்சி தொடர்கிறது. பெரும்பாலும் பையன்களை வைத்து அடையாளங்களை வகுக்கிறோம். அந்த அடையாளம் உள்ள சிறுமிகளுக்கு மட்டும் ஆட்டிசம் என்று எழுதுகிறோம். பிறகு அந்தச் சிறுமிகளை வைத்தே சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். வெளியே நிற்பவள் வெளியேயே நிற்கிறாள்.

ஒப்பனை கலையும் வயது

நிலாவின் முகமூடி ஆறாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தது. ஏழாம் வகுப்பில் விரிசல் விட்டது. அதுவரை ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியை. இப்போது பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் ஒரு விதி. அதைவிட முக்கியமாக, தோழமையின் பாஷை மாறிவிட்டது. சின்ன வயதில் நொண்டி விளையாடுவதற்கு நொண்டித் தெரிந்தால் போதும். பன்னிரண்டு வயதில் நட்பு என்பது பேச்சு, ரகசியம், சாடை, யார் யாரோடு கோபம் என்ற கணக்கு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருத்தியைச் சேர்க்காமல் விட்டால் அதற்கு ஓர் அர்த்தம். நிலாவின் மூன்று கேள்விகள் அங்கே செல்லாக்காசு. ஒரு தோழி விளையாட்டாகச் சொன்னதை உண்மை என்று நம்பி ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். அன்றோடு அந்தக் கூட்டம் அவளை விட்டு விலகியது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற கையேடு இந்தக் கட்டத்தைத் தெளிவாகவே சொல்கிறது. அறிகுறிகள் சிறு வயதிலேயே இருந்தாலும், சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு ஒருவரின் திறனைத் தாண்டும்போதுதான் முழுதாக வெளிப்படலாம் என்றும், கற்றுக்கொண்ட உத்திகளால் அவை மறைந்திருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நிலாவுக்கு ஏழாம் வகுப்பில் திடீரென்று எதுவும் வந்துவிடவில்லை. சுமை திறனைத் தாண்டியது, அவ்வளவுதான்.

அதன்பிறகு நடந்தது ஒரு நீண்ட சுற்று. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. தலைவலிக்குக் கண் மருத்துவர். பிறகு பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம். 'வயசுக்கு வந்த பொண்ணு, அப்படித்தான் இருக்கும்' என்றார் பாட்டி. மனநல மருத்துவர் பதற்ற நோய், மனச்சோர்வு என்று எழுதினார். அதில் தவறில்லை. பதற்றமும் சோர்வும் உண்மையாகவே இருந்தன. எதனால் என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. மாத்திரையில் கொஞ்சம் குறைந்து, மறுபடி பள்ளி மைதானத்தில் போய் நின்றதும் திரும்பி வந்தது.

பிரிட்டனில் சாரா பார்ஜியெலாவும் சகாக்களும் தாமதமாக ஆட்டிசம் கண்டறியப்பட்ட 14 இளம்பெண்களிடம் பேசி 2016-இல் எழுதிய ஆய்வில் இதே சுற்று வருகிறது. மருத்துவர்கள் வேறு பெயர் வைத்தார்கள், அல்லது ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒத்துப்போய்ப் பழகியதால், ஒப்பாத இடத்தில் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாமல் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களும் அவர்களில் இருந்தார்கள். வேடத்தின் மிக மோசமான விலை இது. முகமூடி போடும் உழைப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018-இல் சாரா காசிடி குழுவினரின் ஆய்வு காட்டியது. சமாளித்துக்கொள்கிறாளே, பிறகென்ன என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

சரியான கேள்வி

பதினான்கு வயதில் நிலா ஓர் உளவியலாளரிடம் போனாள். அங்கே முதலில் நடந்தது தோற்றிருக்கக்கூடிய ஒரு சந்திப்பு. நேரடியாகப் பார்த்து மதிப்பிடும் சோதனை சுமார் ஒரு மணி நேரம் நடக்கும். அமைதியான அறை, எதிரில் ஒரே ஒரு பெரியவர், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். முகமூடி சிறப்பாக வேலை செய்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இந்தியாவில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால்தான் ஆட்டிசம் என்று கொள்வார்கள். கண்ணைப் பார்ப்பதில்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், தனித்தே இருக்கிறார் என்று வெளியே தெரிவதைத்தான் அதில் பெரும்பாலும் குறிக்க வேண்டும். நன்றாகப் பேசி, புருவ மத்தியைப் பார்த்துச் சிரிக்கும் பெண் அதில் குறைவாகவே எடுப்பாள்.

அந்த உளவியலாளர் 'உனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?' என்று கேட்கவில்லை. அதற்கு 'இருக்காங்க' என்ற பதில் தயாராக இருக்கும். "நீ லீவ் போட்ட அன்னைக்கு யார் போன் பண்ணாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை. "ஒருத்தர்கிட்ட பேசும்போது உன் மனசுக்குள்ள என்ன ஓடும்?" என்று கேட்டார். அடுத்து என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்த்தாயிற்று, கை எங்கே இருக்கிறது என்று நிலா பட்டியல் போட்டாள். எல்லோருக்கும் அப்படித்தான் ஓடும் என்று அவள் நினைத்திருந்தாள். அம்மாவிடம் லேபிள், குக்கர் விசில், வம்ச அட்டவணை நோட்டு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். பள்ளி நாளையும் மாலையையும் தனித்தனியாக விவரிக்கச் சொன்னார். அந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே ஒரு தகவல்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. அமைதியான பெண்கள் எல்லோருக்கும் ஆட்டிசம் கிடையாது. கூச்ச சுபாவம் உள்ள குழந்தை தெரிந்தவர்களிடம் இளகிவிடும், அங்கே அதற்கு ஒத்திகை தேவைப்படாது. பதற்ற நோய் மட்டும் இருப்பவருக்குச் சொல்லாத விதிகள் புரியும், பயம்தான் தடுக்கும். ஆட்டிசத்தில் விதியே புலப்படாமல் இருக்கும். அதோடு புலன் சிரமங்களும் மாற்றத்தைத் தாங்க முடியாமையும் சிறு வயதிலிருந்தே கூட வந்திருக்கும். முகமூடி பெண்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. அதைப் போடும் பையன்கள் உண்டு, அவர்களும் இதே காரணத்தால்தான் தவறவிடப்படுகிறார்கள். போடவே முடியாத சிறுமிகளும் உண்டு.

ஆசிரியருக்கு ஒரு நோட்டு

பெயர் தெரிந்தபின் நிலாவுக்குப் பள்ளி செய்துகொடுத்தவை பெரிய செலவுள்ளவை இல்லை. மதிய இடைவேளையில் நூலகத்தில் இருக்க அனுமதி. கால அட்டவணை மாறினால் முந்தைய நாளே தகவல். குழுவை நீயே தேடிக்கொள் என்று விடாமல் ஆசிரியரே பெயர் படித்துச் சேர்ப்பது. 'என் முகத்தைப் பார்த்துப் பேசு' என்று யாரும் சொல்லாமல் இருப்பது. வீட்டில் அம்மா ஒன்றை மாற்றினார். வேனிலிருந்து இறங்கியதும் 'இன்னைக்கு என்ன நடந்துச்சு?' என்று கேட்பதை நிறுத்தினார். அரை மணி நேரம் யாரும் பேசுவதில்லை. அழுகை நின்றுவிடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் என்பது ஒன்றிரண்டாகியது.

பெயர் தெரியாத நிலாக்களைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு அளவுகோல் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். எந்தத் தொந்தரவும் தராத, ஆனால் அம்மா கவலையோடு வந்து கேட்ட ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நாள், இடைவேளையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவள் எங்கே இருக்கிறாள், யாராவது அவளிடம் பேசுகிறார்களா, அவள் பதில் சொல்கிறாளா என்று ஒரு வரி எழுதுங்கள். இது ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்லாது. ஆனால் அடுத்த முறை அவளுடைய அம்மா வந்து நிற்கும்போது, 'ரொம்ப நல்ல பொண்ணு' என்பதற்கு மேல் சொல்ல உங்களிடம் ஏதோ இருக்கும். எல்லாக் கூட்டத்துக்கும் அருகிலேயே நின்றிருந்த அந்தப் பெண்ணை ஐந்து நாளில் ஒருவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அந்த நோட்டில் இருக்கலாம்.